கடைசியாக வந்தவர் எப்படி முதலிடம்? வகைப்பாட்டுக் காரணி வைத்து ஒரே முடிவுப் பட்டியல் போடுவது

மாற்றுத்திறனாளிகளுக்கான ஸ்கீ போட்டியில் முடிவு மேசையில் புதிதாக உட்காரும் எவரையும் முதல் நாளே ஒரு காட்சி குழப்பிவிடும். ஒருவர் 28 நிமிடத்தில் முடிக்கிறார். இன்னொருவர் 33 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறார். பட்டியலில் இரண்டாமவர் மேலே நிற்கிறார். கடிகாரத்தில் கோளாறு இல்லை. இருவரும் ஒரே பதக்கத்துக்குப் போட்டியிடுகிறார்கள், ஆனால் உடலின் குறைபாட்டு அளவு வேறு என்பதால் ஒவ்வொருவரின் நேரமும் ஒரு காரணியால் பெருக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெருக்கலைத் தப்பில்லாமல் செய்வது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

நேரத்தைக் காரணியால் திருத்தும் வழக்கம் சைக்கிள் போட்டியிலும் ஆல்பைன் ஸ்கீயிலும் உண்டு. நான் கிராஸ் கன்ட்ரி ஸ்கீயின் அமர்ந்து சறுக்கும் பிரிவை எடுத்துக்கொள்கிறேன். கணக்கு அங்கேதான் பளிச்சென்று தெரியும். முன்பெல்லாம் குறைபாட்டின் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனிப் பதக்கம் இருந்தது. ஒரு பந்தயத்தில் மூன்று நான்கு பேர் மட்டும் நிற்பதும் சாதாரணம். 2006 டுரின் பாராலிம்பிக்ஸ் முதல் நின்று சறுக்குவோர், அமர்ந்து சறுக்குவோர், பார்வைக் குறைபாடு உள்ளோர் என்று மூன்றே பிரிவுகளாகச் சேர்த்தார்கள். பிரிவுக்குள் பல வகையினர் கலந்துவிட்டதால், அவர்களை ஒரே பட்டியலில் வைக்கக் காரணி தேவைப்பட்டது.

அமர்ந்து சறுக்குவோரில் LW10 என்றால் உடற்பகுதியில் கட்டுப்பாடு அநேகமாக இல்லை. கோலை ஊன்றித் தள்ளும்போது முதுகும் வயிறும் உதவிக்கு வராது, தோளும் கையும் மட்டும்தான். LW12 என்றால் குறைபாடு கால்களில். இடுப்புக்கு மேலே முழுப் பலமும் உண்டு, உடலின் எடையையே கோலின் மீது சாய்த்துத் தள்ளலாம். LW11 நடுவில். இடைப்பட்ட 10.5, 11.5 என்ற வகைகளும் இருக்கின்றன, அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

படி 1: காரணிப் பட்டியலைக் கையில் வாங்கிப் பூட்டி வையுங்கள்

போட்டிக்கு முதல் நாள் மாலையே அந்தப் பருவத்துக்கான காரணிப் பட்டியலை எடுத்து அச்சிட்டு, நடுவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். காரணிகள் மாறக்கூடியவை. போன பருவத்துக் கோப்பைத் திறந்து பெயர்களை மட்டும் மாற்றி ஓட்டுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

இரண்டாவதாக, எந்த நெடுவரிசை என்று பாருங்கள். நின்று சறுக்குவோருக்குக் கிளாசிக் முறைக்கு ஒரு காரணி, ஃப்ரீ முறைக்கு வேறொன்று. ஆல்பைனில் டவுன்ஹில்லுக்கும் ஸ்லாலமுக்கும் ஒரே வகையினருக்கே காரணி மாறும். வகை சரி, வரி சரி, நெடுவரிசை தப்பு என்றால் பட்டியலைப் பார்த்ததும் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் வரும் எண் நம்பும்படியாகவே இருக்கும்.

மூன்றாவதாக, முதல் நாள் மறுபரிசோதனையில் யாருடைய வகையாவது மாறியதா என்று வகைப்பாட்டுக் குழுவிடம் கேளுங்கள். புறப்பாட்டுப் பட்டியலில் பழைய வகை அப்படியே நின்றுவிடும்.

இந்தக் கட்டுரையின் கணக்குக்கு LW12-க்கு 100, LW11-க்கு 94, LW10-க்கு 86 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன். இவை பாடத்துக்காக எடுத்தவை. உங்கள் போட்டிக்கு உங்கள் கையில் இருக்கும் தாள்தான் சட்டம்.

படி 2: ஓடிய நேரத்தை முதலில் சுத்தமாக எடுங்கள்

ஒவ்வொருவரும் 30 விநாடி இடைவெளியில் புறப்படும் பந்தயம் இது. கருவி பதிவது நாளின் நேரம். முடிவுக்கோட்டைத் தாண்டிய நேரத்திலிருந்து புறப்பட்ட நேரத்தைக் கழித்தால் அசல் நேரம் கிடைக்கும். காரணியைப் பெருக்குவது இதற்குப் பிறகுதான்.

மூன்று பேரைப் பார்ப்போம். மார்பு எண் 11, LW12: 10:00:30.0-க்குப் புறப்பட்டு 10:29:12.4-க்கு முடித்தார். அசல் நேரம் 28:42.4. மார்பு எண் 12, LW10: 10:01:00.0-க்குப் புறப்பட்டு 10:34:21.7-க்கு முடித்தார். அசல் 33:21.7. மார்பு எண் 13, LW11: 10:01:30.0-க்குப் புறப்பட்டு 10:32:03.6-க்கு முடித்தார். அசல் 30:33.6.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று, மூன்று நேரங்களையும் விநாடிக்கு மாற்றுங்கள்: 1722.4, 2001.7, 1833.6. இந்த மாற்றத்தைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பெரிய பள்ளத்தில் விழுகிறார்கள். 33:21-ஐ 33.21 என்று தட்டச்சிட்டு 0.86-ஆல் பெருக்கினால் 28.56 வரும். பார்க்க 28 நிமிடம் 56 விநாடி போலவே இருக்கும். நிமிடத்துக்கு 60 விநாடி என்பது கணக்கில் எங்குமே வரவில்லை, ஆனாலும் விடை முகம் சுளிக்க வைக்காது. அந்த விடையை நம்பினால் 12-ஆம் எண் கடைசிக்குப் போய்விடுவார். நான் பழகிய காலத்தில் இதையேதான் செய்தேன். பக்கத்தில் இருந்த மூத்தவர் கால்குலேட்டரில் ஒரே ஒருவருடைய நேரத்தைத் தட்டிப் பார்த்ததால் தாள் வெளியே போகாமல் தப்பித்தது.

படி 3: பெருக்கி, கடைசியில் ஒரே முறை வெட்டுங்கள்

மார்பு எண் 11: 1722.4 × 1.00 = 1722.4, அதாவது 28:42.4.
மார்பு எண் 12: 2001.7 × 0.86 = 1721.462. பத்தில் ஒரு விநாடியோடு வெட்டினால் 1721.4, அதாவது 28:41.4.
மார்பு எண் 13: 1833.6 × 0.94 = 1723.584. வெட்டினால் 1723.5, அதாவது 28:43.5.

ஆக, 12 முதல், 11 இரண்டாவது, 13 மூன்றாவது. அசல் நேரத்தில் 12-ஆம் எண்ணுக்கும் 11-ஆம் எண்ணுக்கும் இடையே 4 நிமிடம் 39.3 விநாடி. கணக்கிட்ட நேரத்தில் 12-ஆம் எண் 1.0 விநாடி முன்னால்.

வெட்டுவது என்றால் மேலே ஏற்றாமல், மிஞ்சிய இலக்கங்களை அப்படியே விட்டுவிடுவது. ஸ்கீயில் நேரத்தை வெட்டுவதுதான் பழக்கம். 1723.584-ஐ 1723.6 என்று ஏற்றினீர்கள் என்றால் அதிகாரப்பூர்வப் பட்டியலோடு ஒத்துப்போகாது. ஆனால் உங்கள் போட்டி விதி வேறுவிதமாகச் சொன்னால் அதன்படி செய்யுங்கள். எந்த முறையானாலும் எல்லோருக்கும் ஒரே முறையாக, இறுதியில் ஒரே தடவையாக இருக்கட்டும்.

‘இறுதியில் ஒரே தடவை’ என்பதற்கும் விதிவிலக்கு உண்டு. ஆல்பைனில் இரண்டு சுற்று ஓடி நேரங்களைக் கூட்டுவார்கள். 52.37, 54.18 என்று இரண்டு சுற்று, காரணி 0.9123 என்று வையுங்கள். சுற்றுக்குச் சுற்று பெருக்கி நூறில் ஒன்றோடு வெட்டினால் 47.77-ம் 49.42-ம், மொத்தம் 97.19. முதலில் கூட்டிவிட்டுப் பெருக்கினால் 97.20. நூறில் ஒரு விநாடிதான், ஆனால் ஆல்பைனில் அதற்கே பதக்கம் கைமாறும். எது முறை என்று விதியைப் பார்த்து எழுதி வைத்துவிட்டு உட்காருங்கள்.

கணினியில் செய்யும்போது இன்னொரு சிக்கல். தசம எண்களைக் கணினி உள்ளே மிகச் சரியாக வைத்துக்கொள்வதில்லை. 1722.4 என்பது உள்ளே 1722.39999… ஆக இருந்து, நீங்கள் வெட்டச் சொன்னதும் 1722.3 ஆகிவிடலாம். ஏற்றி இறக்கும் கணக்கில் இது மறைந்துவிடும், வெட்டும் கணக்கில் வெளியே வந்துவிடும். தப்பிக்க எளிய வழி, எல்லாவற்றையும் முழு எண்ணாக வைப்பது. நேரத்தைப் பத்தில் ஒரு விநாடி எண்ணிக்கையாக (2001.7 என்பது 20017), காரணியை 86 என்று முழுச் சதவீதமாக எழுதுங்கள். விரிதாளில் C நெடுவரிசையில் புறப்பாடு, D-யில் முடிவு, E-யில் சதவீதம் என்றால்:

```
=INT(ROUND((D2-C2)*864000,0)*E2/100)
```

ஒரு நாளில் 864000 பத்தில்-ஒரு-விநாடிகள் இருப்பதால் அந்த எண். 12-ஆம் எண்ணுக்கு விடை 17214 என்று வரும். அடுத்த நெடுவரிசையில் அதை 864000-ஆல் வகுத்து `[mm]:ss.0` என்ற வடிவம் கொடுத்தால் 28:41.4 என்று தெரியும். காரணி நான்கு தசமம் கொண்டதாக இருந்தால் 9123 என்று எழுதி, 100-க்குப் பதில் 10000-ஆல் வகுங்கள்.

வெட்டுவதால் வரும் ஒரு வேடிக்கையையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். LW10-இல் இருவர், ஒருவர் 2002.1 விநாடி, மற்றவர் 2002.2. முன்னவர் பத்தில் ஒரு விநாடி வேகம். 0.86-ஆல் பெருக்கினால் 1721.806, 1721.892. வெட்டினால் இரண்டுமே 1721.8. ஒரே வகையில் வேகமாக வந்தவருக்கும் பின்னால் வந்தவருக்கும் ஒரே இடம்! பயிற்சியாளர் கோபத்தோடு வருவார், நியாயமும் இருக்கும். சமநேரத்தை எப்படித் தீர்ப்பது என்று விதி சொல்லும். சொல்லும் வரை நீங்களாக அசல் நேரத்தைப் பார்த்து ஒருவரை மேலே ஏற்றிவிடாதீர்கள்.

படி 4: தண்டனை நேரத்தை எங்கே சேர்ப்பது

ஸ்கீயோடு துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த பயத்லானில் குறி தப்பினால் தண்டனை வளையத்தைச் சுற்ற வேண்டிய பந்தயங்களில் கவலையில்லை, சுற்றிய நேரம் அசல் நேரத்துக்குள்ளேயே இருக்கும், அதோடு சேர்ந்து பெருக்கப்படும். நிமிடக் கணக்கில் தண்டனை சேர்க்கும் பந்தயங்களில்தான் கேள்வி. ஒரு நிமிடத்தைப் பெருக்கலுக்கு முன் சேர்த்தால் LW10 வீரருக்கு அது 51.6 விநாடிதான், LW12 வீரருக்கு 60. பின் சேர்த்தால் இருவருக்கும் 60. மேலே உள்ள பந்தயத்தில் முதல் மூவருக்கும் இடையே இருப்பதே 2 விநாடி. ஆகவே 8.4 விநாடி வித்தியாசம் சும்மா இல்லை. அணித்தலைவர்கள் கூட்டத்திலேயே விதியின் வரியைப் படித்துக் காட்டிவிடுங்கள்.

படி 5: பட்டியலில் சதவீதம், அசல் நேரம், கணக்கிட்ட நேரம் மூன்றையும் காட்டுங்கள்

இடம், மார்பு எண், பெயர், வகை, சதவீதம், அசல் நேரம், கணக்கிட்ட நேரம், முதல்வரிடமிருந்து வித்தியாசம். இதில் எதையும் விடாதீர்கள். இடம் குறைவு என்று அசல் நேரத்தைத் தூக்கிவிடுகிறார்கள், அப்புறம் எவராலும் சரிபார்க்க முடியாது. வித்தியாசம் கணக்கிட்ட நேரங்களுக்கு இடையில்தான் இருக்க வேண்டும். மென்பொருளில் அந்த நெடுவரிசை மட்டும் அசல் நேரத்தைச் சுட்டிக்கொண்டிருப்பதை இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன். இரண்டாம் இடத்துக்காரருக்கு வித்தியாசம் கழித்தல் குறியோடு வந்தால் அதுதான் காரணம்.

வெளியிடுமுன் ஒவ்வொரு வகையிலும் ஒருவரை எடுத்துக் கையால் பெருக்கிப் பாருங்கள். மூன்று வகைக்கு மூன்று பெருக்கல், இரண்டு நிமிட வேலை. 86-க்குப் பதில் 87 என்று ஒரு தட்டச்சுத் தவறு விழுந்திருந்தால் 12-ஆம் எண்ணின் நேரம் 29:01.4 ஆகிவிடும். ஒரு சதவீதம் என்பது இந்தத் தூரத்தில் 20 விநாடி.

தவறான எண்ணோடு பதக்கம் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2012 லண்டன் பாராலிம்பிக்ஸ் சாட்சி. அது நேரக் கணக்கு அல்ல, பெண்கள் F35/36 வட்டு எறிதல்; ஆனால் சிக்கல் இதேதான். இரண்டு வகையினரை ஒரே பட்டியலில் வைக்கப் புள்ளி கணக்கிட்டார்கள், அதற்கு எடுத்த தரவு தப்பு. உக்ரைன் வீராங்கனைக்குத் தங்கம் அணிவித்த பிறகு கணக்கைத் திருத்தி, சீன வீராங்கனைக்கு முதலிடம் கொடுத்தார்கள்.

படி 6: ஓடிக்கொண்டிருக்கும்போதே இலக்கைச் சொல்லுங்கள்

காரணியை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். LW10 வீரரின் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது. உண்மையில் ஒரு விநாடி போனால் அவர் கணக்கில் 0.86 விநாடிதான் ஏறும். ஒலிபெருக்கியில் ‘10 விநாடி பின்தங்கியிருக்கிறார்’ என்று அறிவித்தால், அவர் பாதையில் மிச்சப்படுத்த வேண்டியது 10 அல்ல, 10 ÷ 0.86, அதாவது 11.6 விநாடி. பயிற்சியாளர்கள் புதியவர்களாக இருந்தால் இதை ஒருமுறை விளக்கிவிடுங்கள்.

அறிவிப்பாளருக்கு நான் எப்போதும் எழுதிக் கொடுப்பது முடிவு நேரத்தின் இலக்கு. 11-ஆம் எண் 1722.4-இல் முடித்துவிட்டார், 12-ஆம் எண் இன்னும் பாதையில். 1722.4 ÷ 0.86 = 2002.79. ஆக 2002.7 விநாடிக்குள், அதாவது 33:22.7-க்குள் வந்தால் முதலிடம், 33:22.8 என்றால் சமம். அவர் புறப்பட்டது 10:01:00 என்பதால் சுவர்க் கடிகாரத்தில் 10:34:22.7. இந்த ஒரு எண்ணைத் தாளில் கொடுத்துவிட்டால், ஐந்து நிமிடத்துக்கு முன்பே ஒருவர் முடித்துவிட்டுப் போன பந்தயத்தில் கூட்டம் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கும்.

படி 7: முதலில் கோட்டைத் தொட்டவரே வெற்றி என்றால்

ஸ்பிரின்ட் இறுதிச் சுற்றில் காரணியைப் பெருக்கி முடிவு சொல்வதில்லை. புறப்பாட்டிலேயே வித்தியாசத்தைக் கொடுத்துவிடுவார்கள்: LW10 முதலில் கிளம்புவார், LW12 கடைசியில். அதன்பின் யார் முதலில் தொடுகிறாரோ அவரே வெற்றி. பார்ப்பவர்களுக்கு இதுதான் பிடிக்கும், கணக்குப் போடுபவருக்கு இதுதான் வம்பு.

எல்லோரும் சமமாக ஓடினால் எவ்வளவு நேரம் ஆகும் என்று முதலில் ஒரு எதிர்பார்ப்பு நேரம் வேண்டும். அதே பாதையில் அன்று நடந்த தகுதிச் சுற்றின் சிறந்த கணக்கிட்ட நேரத்தை எடுங்கள். அது 150 விநாடி என்று வைப்போம். LW12-க்கு 150. LW11-க்கு 150 ÷ 0.94 = 159.6. LW10-க்கு 150 ÷ 0.86 = 174.4. எனவே LW10 கிளம்பி 14.8 விநாடிக்குப் பிறகு LW11, 24.4 விநாடிக்குப் பிறகு LW12.

இங்கே எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தவறு: 150-இல் 14 சதவீதம் 21 என்று எடுத்துவிடுவது. காரணி LW10-இன் நேரத்தைக் குறைக்கிறது, LW12-இன் நேரத்தைக் கூட்டுவதில்லை. அதனால் வகுக்க வேண்டும். 21 விநாடி கொடுத்தால் LW10 வீரருக்கு 3.4 விநாடி அநியாயம். ஸ்பிரின்டில் அது சறுக்கு நீளங்கள் பலவற்றின் தூரம்.

வகுத்தே போட்டாலும் ஒரு ஓட்டை இருக்கும். மதியத்தில் பனி ஈரமாகிப் பாதை மந்தமானால், LW12-க்கு 150 ஆனது 170 ஆகும். அப்போது LW10-க்கு 197.7 ஆகும், நியாயமான இடைவெளி 27.7. நீங்கள் காலையில் பூட்டிய 24.4-ஐயே கொடுத்தால் LW12 மூன்று விநாடிக்கு மேல் இலவசமாகப் பெறுகிறார். பெருக்கும் முறையில் பனி மந்தமானால் எல்லோருடைய நேரமும் அதே விகிதத்தில் நீளும், காரணி தரும் சலுகையும் கூடவே நீளும். இடைவெளிப் புறப்பாட்டில் அது உறைந்த எண். ஆகவே தகுதிச் சுற்றுக்கும் இறுதிக்கும் இடையே பனி மாறிவிட்டதாகத் தெரிந்தால், இடைவெளியை மாற்ற விதி இடம் தருகிறதா என்று நடுவரிடம் கேளுங்கள். புறப்பட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

காரணி தாங்காத இடங்கள்

ஒரு வகைக்கு ஒரே எண் என்பதால், பாதையின் குணம் அதில் வராது. நீண்ட ஏற்றத்தில் உடற்பகுதியின் உதவி இல்லாமல் தள்ளுபவர் இழப்பதும், சமதளத்தில் இழப்பதும் ஒரே விகிதம் அல்ல. ஏற்றம் நிறைந்த பாதையில் LW10 வீரர்கள் எல்லோரும் கூட்டமாகப் பட்டியலின் கீழே போனால், உங்கள் கணக்கைச் சந்தேகிப்பதற்கு முன் பாதை வரைபடத்தைப் பாருங்கள். இன்னொன்று, காரணி பழைய முடிவுகளிலிருந்து வருவது. ஒரு வகையில் உலகத்திலேயே சிலர்தான் என்றால், அசாத்தியமான ஒருவரின் வேகமே அந்த வகைக்கு அளவுகோலாகிவிட வாய்ப்பு உண்டு. அப்புறம் அவருக்குப் பின்னால் வரும் சாதாரண வீரருக்கு அந்தக் காரணி இறுக்கமாகத் தெரியும்.

இதையெல்லாம் முடிவு மேசையில் உட்கார்ந்து நீங்கள் சரிசெய்ய முடியாது, முயலவும் கூடாது. யாராவது ஆட்சேபம் என்று வந்தால் அவருடைய புறப்பாடு, முடிவு, சதவீதம் மூன்றையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி, கால்குலேட்டரோடு அவர் கையிலேயே கொடுங்கள். அவர் பெருக்கிப் பார்க்கட்டும். ஆட்சேப நேரம் முடியும் வரை பட்டியலின் தலைப்பில் ‘தற்காலிகம்’ என்ற சொல் இருக்கட்டும்.